இதே வேலையை எங்கே செய்தீர்கள்?

இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில் ராம்ஸ்கேட் என்றொரு சிறிய துறைமுக ஊர் இருக்கிறது. அங்கிருந்து பெல்ஜியத்தின் ஆஸ்டெண்ட் நகருக்கு லாரிகளை ஏற்றிச் சென்ற கப்பல் சேவை 2013-இல் நின்றுபோனது. 2018 டிசம்பர் கடைசியில், அதே வழித்தடத்தில் மறுபடியும் கப்பல் விடுவதற்காக பிரிட்டனின் போக்குவரத்துத் துறை ஒரு நிறுவனத்துக்கு 1 கோடியே 38 லட்சம் பவுண்டு மதிப்புள்ள ஒப்பந்தம் கொடுத்தது. சீபோர்ன் ஃப்ரெய்ட் என்பது நிறுவனத்தின் பெயர். 2017 ஏப்ரலில் பதிவானது. அதனிடம் ஒரு கப்பல்கூட இல்லை. அதுவரை ஒரு லாரியைக்கூட அது கடல் தாண்டிக் கொண்டுபோய் இறக்கியதில்லை.

அரசுக்கு அப்போது அவசரம். 2019 மார்ச் 29 அன்று உடன்பாடு எதுவும் இல்லாமலே ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற நேர்ந்தால், டோவர் துறைமுகத்தில் சுங்கச் சோதனைக்காக லாரிகள் மைல் கணக்கில் தேங்கும் என்ற பயம் இருந்தது. மாற்று வழித்தடங்களில் கூடுதல் கப்பல்களை ஏற்பாடு செய்ய மூன்று நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 10 கோடியே 30 லட்சம் பவுண்டுக்கு ஒப்பந்தங்கள் போடப்பட்டன. மற்ற இரண்டு நிறுவனங்களும் அந்தக் கடலில் ஊறியவை. ஒன்று 1866-இல் டென்மார்க்கில் தொடங்கிய டிஎஃப்டிஎஸ். இன்னொன்று பல பத்தாண்டுகளாக ஆங்கிலக் கால்வாயில் கப்பல் ஓட்டிவரும் பிரிட்டனி ஃபெரீஸ்.

சீபோர்னுக்குக் கப்பல் இல்லை என்ற செய்தியை பிபிசி வெளியிட்டபோது, அது புதிய நிறுவனம் என்பது தெரிந்தேதான் கொடுத்தோம், அதன் வணிக, தொழில்நுட்ப, நிதி நிலையை விரிவாகச் சோதித்துவிட்டோம் என்று துறை பதில் சொன்னது. நிறுவனத்தை நடத்துபவர்களுக்குக் கப்பல் துறையில் அனுபவம் உண்டு என்றும் சொல்லப்பட்டது. அடுத்த சில நாட்களில், அந்த நிறுவனத்தின் இணையதளத்தை யாரோ பொறுமையாகப் படித்தார்கள். வாடிக்கையாளர்களுக்கான நிபந்தனைகளில், சாப்பாட்டுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் வந்த பொருளைச் சரிபார்த்துக்கொள்வது வாடிக்கையாளரின் பொறுப்பு என்று எழுதியிருந்தது. வீட்டுக்கு உணவு கொண்டுவந்து தரும் கடையின் நிபந்தனைகள், கப்பல் நிறுவனத்தின் பக்கத்தில் அப்படியே ஒட்டப்பட்டிருந்தன. தவறுதலாக ஏறிவிட்டது என்று விளக்கம் வந்தது. பிறகு அது நீக்கப்பட்டது.

சின்ன விஷயம்தான். ஆனால் ஒப்பந்தப் பணிகளை வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் தினமும் பார்க்கும் ஒரு நோய் அதில் அப்பட்டமாகத் தெரிகிறது. தன் வேலையைப் பற்றித் தானே எழுதியவருக்கு இன்னொருவர் வேலையின் வாசகம் தேவைப்படாது. கப்பல் ஓட்டியவர் எழுதும் நிபந்தனையில் கப்பல் இருக்கும்: லாரி எத்தனை மணிக்குள் துறைமுகம் வர வேண்டும், புயலில் சேவை நின்றால் என்ன, ஆபத்தான சரக்கு எது என்று. எந்தத் தொழிலுக்கும் பொருந்துகிற வாசகத்தை ஒருவர் கொண்டுவந்து வைக்கிறார் என்றால், இந்தத் தொழிலில் அவர் எழுதுவதற்கு எதுவும் இல்லாமல் இருக்கலாம்.

2019 பிப்ரவரியில் சீபோர்ன் ஒப்பந்தம் ரத்தானது. அதற்குப் பின்பலமாக நின்ற அயர்லாந்தின் ஆர்க்லோ ஷிப்பிங் திடீரென விலகிக்கொண்டது. சேவை தொடங்கினால்தான் பணம் என்று ஒப்பந்தத்தில் இருந்ததால் சீபோர்னுக்கு எதுவும் போகவில்லை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. யூரோடனல் நிறுவனம் வழக்குப் போட்டது. ஆங்கிலக் கால்வாயின் அடியில் ரயில் சுரங்கத்தை நடத்தும் அந்த நிறுவனம், 2015 வரை மைஃபெரிலிங்க் என்ற பெயரில் அதே கடலில் கப்பல் சேவைக்குப் பின்னால் இருந்தது. ஒரு கப்பலும் ஓட்டாதவரிடம் போனீர்கள், ஓட்டிய எங்களைக் கூப்பிடவே இல்லையே என்பது அதன் கேள்வி. 2019 மார்ச் 1 அன்று, வழக்கு விசாரணைக்கு வரும் கட்டத்தில், அரசு 3 கோடியே 30 லட்சம் பவுண்டு கொடுக்க ஒப்புக்கொண்டது. சீபோர்னுக்குப் பேசிய தொகையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

நம் பக்கத்து அலுவலகங்களில் புழங்கும் முன்மொழிவுகளைக் கையில் எடுத்தால் இதே வாடை வரும். ப்ரபோசல் என்று எல்லோரும் சொல்லும் அந்த ஆவணம் நாற்பது ஐம்பது பக்கம் இருக்கும். முதல் பக்கத்தில் கைகுலுக்கும் இரண்டு பேர். அடுத்து நிறுவனரின் செய்தி. "தரமே எங்கள் தாரக மந்திரம்", "வாடிக்கையாளர் திருப்தியே குறிக்கோள்", "உலகத்தரம் வாய்ந்த தீர்வுகள்", "அனுபவம் மிக்க நிபுணர் குழு", "500-க்கும் மேற்பட்ட பணிகள்". பிறகு ஒரு பக்கம் முழுக்க வாடிக்கையாளர் நிறுவனங்களின் சின்னங்கள். பிறகு ஐஎஸ்ஓ 9001 சான்றிதழின் நகல். விலை கடைசிப் பக்கத்தில். நடுவில் எங்கேயும், இந்த வேலையை இந்த அளவில் இந்தச் சூழலில் இன்னாருக்குச் செய்தோம், இன்னது நடந்தது என்ற ஒரு பத்தி இருக்காது.

இவற்றில் எதுவும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை என்பதுதான் சிக்கல். ஐஎஸ்ஓ 9001 சான்றிதழ் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது நிறுவனம் தன் வேலைமுறைகளை எழுதிவைத்து அதன்படி நடக்கிறதா என்பதற்கான சான்று. முடித்த வேலை நன்றாக இருக்கிறதா என்பதற்கு அது சாட்சி இல்லை. பெரிய மருத்துவமனையின் சின்னம் உண்மையாகவே அங்கே ஒரு மோட்டார் விற்றதற்காக வந்திருக்கலாம். 500 பணிகளில் 480 பராமரிப்பு ஒப்பந்தங்களாக இருக்கலாம். படிப்பவர் மனதில் எழும் படத்துக்கும் நடந்ததற்கும் இடையில்தான் இடைவெளி.

ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். சென்னைப் புறநகரில் 120 வீடுகள் உள்ள ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு என்று வைத்துக்கொள்வோம். அடித்தளத்தில் பத்து ஆண்டுக்கு முன் கட்டுநர் வைத்துக்கொடுத்த கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், குடியிருப்பவர்கள் எஸ்டிபி என்று சொல்வது, சரியாக வேலை செய்யவில்லை. மாலையில் நாற்றம் மேலே வருகிறது. சுத்திகரித்த தண்ணீர் கறுப்பாக இருக்கிறது. வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான அளவுகோலில் 64,800 லிட்டர் தண்ணீர் செலவு. அதில் 80 சதவீதம் கழிவாகத் திரும்பும் என்று எடுத்தால் தினமும் சுமார் 52,000 லிட்டர். இந்த நிலையத்தைச் சீரமைக்கச் சங்கம் 50 லட்சம் ரூபாய் மதிப்பிட்டு மூன்று பேரிடம் ப்ரபோசல் கேட்கிறது.

இங்கே தேவைப்படும் அனுபவம் என்ன? எஸ்டிபி கட்டிய அனுபவம் என்று பொதுவாகச் சொன்னால் போதாது. புதிய கட்டடத்தில் காலியான தொட்டியில் இயந்திரங்களை வைப்பது ஒரு வேலை. 480 பேர் தினமும் குளித்து, துவைத்து, கழிப்பறை போய்க்கொண்டிருக்கும்போது, வரும் கழிவைத் தற்காலிகமாக வேறு வழியில் திருப்பிவிட்டு, பழைய தொட்டியின் அடியில் இறுகிப்போன சேற்றை எடுத்து, காற்றுக் குழாய்களை மாற்றி, நுண்ணுயிர்களை மறுபடி வளர்த்தெடுப்பது முற்றிலும் வேறு வேலை. இரண்டாவது வேலையைச் செய்யாத நிறுவனத்தின் 500 பணிகளும் இந்தச் சங்கத்துக்கு உதவாது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. புதிதாக ஒப்படைக்கப்பட்ட குடியிருப்பில் முதல் ஆண்டு பாதி வீடுகள்கூட நிரம்பியிருக்காது. அப்போது எந்த நிலையமும் நன்றாகவே ஓடும். கட்டுநரிடமிருந்து அந்த நேரத்தில் வாங்கிய பாராட்டுக் கடிதத்தை ஒப்பந்ததாரர் இணைத்திருந்தால், அது முழுச் சுமையில் சோதிக்கப்படாத வேலைக்குக் கிடைத்த பாராட்டு.

மூன்று ப்ரபோசல்களில் ஒன்றில், நாற்பது பக்கத்துக்குப் பதில், இப்படி ஒரு பத்தி இருந்தது என்று எண்ணிப் பாருங்கள்: "96 வீடுகள் உள்ள குடியிருப்பில் தினம் 42,000 லிட்டர் நிலையத்தை 2022-இல் சீரமைத்தோம். ஏழு வாரம் என்று சொன்னோம், பதினொரு வாரம் ஆனது. தொட்டிச் சுவரில் இருந்த விரிசல் சேற்றை எடுத்த பிறகுதான் தெரிந்தது. அதற்கு ஆன கூடுதல் செலவில் பாதியை நாங்கள் ஏற்றோம். அடுத்த பன்னிரண்டு மாத ஆய்வக அறிக்கைகளை இணைத்திருக்கிறோம். சங்கச் செயலாளர் உங்களை வரவேற்கத் தயாராக இருக்கிறார்." ஆறு வாக்கியம்தான். ஆனால் அளவு, ஆண்டு, என்ன தவறியது, யார் பொறுப்பேற்றார், பிறகு எப்படி இருக்கிறது, யாரிடம் கேட்கலாம் என்ற எல்லாமே இருக்கின்றன. முக்கியமாக, ஒவ்வொரு வாக்கியத்தையும் நேரில் போய்ச் சோதிக்க முடியும். தரமே தாரக மந்திரம் என்பதை எங்கே போய்ச் சோதிப்பது?

அப்படியிருக்க, உண்மையிலேயே வேலை தெரிந்த நிறுவனங்களும் ஏன் பொதுவார்த்தைகளையே எழுதுகின்றன? பல இடங்களில் காரணம் சாதாரணமானது. ப்ரபோசல் தயாரிப்பவர் விற்பனைப் பிரிவில் இருக்கிறார். தொட்டிக்குள் இறங்கியவர் வேறு தளத்தில் அடுத்த வேலையில் இருக்கிறார். இருவரும் பேசிக்கொள்வதில்லை. கெடு நாளைக்கு. பழைய கோப்பைத் திறந்து வாடிக்கையாளர் பெயரை மட்டும் மாற்றி அனுப்புகிறார்கள். சில சமயம் பெயரைக்கூட மாற்ற மறந்து, இன்னொரு குடியிருப்பின் பெயரோடு வந்து சேர்கிறது. முடித்த வேலையைப் பற்றி முடித்த வாரமே ஒரு பக்கம் எழுதிவைக்கும் பழக்கம் இருந்தால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி போய்விடும். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் பொறியாளருக்கே எண்கள் நினைவிருக்காது.

வாடிக்கையாளர் ரகசியம் என்று சிலர் காரணம் சொல்வார்கள். சில துறைகளில் அது நியாயம்தான். ஆனால் பெயரை மறைத்தாலும் அளவையும் ஆண்டையும் சிக்கலையும் விளைவையும் எழுதலாம். பெயர் சொல்ல முடியாது, வேறு எதுவும் சொல்ல முடியாது என்று இரண்டையும் சேர்த்துச் சொல்பவரிடம்தான் கவனம் தேவை.

வாங்குகிறவர் மேலும் பிழை உண்டு. "உங்கள் அனுபவத்தை விவரிக்கவும்" என்று கேட்டால் விவரணைதான் வரும். இந்திய அரசுத் துறைகளில் இந்தக் கேள்வியை எண்களாக மாற்றும் முயற்சி நடந்திருக்கிறது. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2002 டிசம்பர் 17 தேதியிட்ட குறிப்பில், கட்டுமானப் பணிகளுக்கான தகுதியை இப்படி வரையறுத்தது: கடந்த ஏழு ஆண்டுகளில் ஒப்பந்ததாரர் இதேபோன்ற பணிகளை முடித்திருக்க வேண்டும். மதிப்பீட்டுத் தொகையில் 40 சதவீதத்துக்குக் குறையாத மூன்று பணிகள், அல்லது 50 சதவீதத்துக்குக் குறையாத இரண்டு, அல்லது 80 சதவீதத்துக்குக் குறையாத ஒன்று. இந்தக் கணக்கை நம் குடியிருப்புக்குப் பொருத்தினால், 20 லட்சத்தில் மூன்று, அல்லது 25 லட்சத்தில் இரண்டு, அல்லது 40 லட்சத்தில் ஒன்று. "இதேபோன்ற பணி" என்றால் என்ன என்பதை டெண்டரிலேயே தெளிவாக எழுத வேண்டும் என்றும் அந்தக் குறிப்பு சொல்கிறது. எல்லாம் கடைசியில் அந்த ஒரு சொற்றொடரில்தான் நிற்கிறது. சங்கம் அதை "எஸ்டிபி பணி" என்று எழுதினால் மோட்டார் மாற்றியவரும் உள்ளே வருவார். "மக்கள் குடியிருக்கும் கட்டடத்தில், தினம் 30,000 லிட்டருக்குக் குறையாத நிலையத்தை முழுமையாகச் சீரமைத்தது" என்று எழுதினால் ப்ரபோசலின் முதல் முப்பது பக்கம் தானாகவே உதிர்ந்துவிடும்.

ஆனாலும் எண்ணிக்கை விதிக்கு எல்லை உண்டு. பணி முடித்த சான்றிதழ்களே போலியாக வருவதுண்டு. அதனால்தான் தனியாரிடம் செய்த வேலைக்கு, வருமான வரி பிடித்தம் செய்த சான்றையும் சேர்த்துக் கேட்கும் வழக்கம் இருக்கிறது. உண்மையில் பணம் கைமாறியதா என்பது அதில் தெரியும். அது இருந்தாலும் வேலை எப்படி நடந்தது என்பது தெரியாது. அதற்குத் தொலைபேசியை எடுக்க வேண்டும், பிறகு நேரில் போக வேண்டும்.

தொலைபேசியில் "நன்றாகச் செய்தார்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் நன்றாகத்தான் செய்தார்கள் என்று பதில் வரும். ஒப்பந்ததாரர் கொடுத்த எண் அது. பேசுபவரும் நல்ல மனிதர். கேட்க வேண்டியது வேறு. ஒர்க் ஆர்டரில் எவ்வளவு இருந்தது, கடைசி பில் எவ்வளவு வந்தது? காற்று அடிக்கும் ப்ளோயர் முதன்முதலில் நின்றபோது யார் வந்தார், எத்தனை நாளில்? ப்ரபோசலில் பெயர் போட்டிருந்த பொறியாளர் உண்மையில் எத்தனை முறை தளத்துக்கு வந்தார்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் எண்ணாகவோ பெயராகவோதான் வர முடியும். சொல்பவர் தயங்கினால் அந்தத் தயக்கமும் ஒரு பதில்தான். பட்டியலில் ஒப்பந்ததாரர் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததோடு நிற்காமல், அவர் மிகச் சமீபத்தில் முடித்த வேலை எது என்று கேட்டு அங்கேயும் பேசுவது நல்லது.

நேரில் போகிறவர் காலை ஏழு மணிக்குப் போக வேண்டும். எல்லா வீட்டிலும் குளியலும் துணியும் நடக்கும் நேரம், நிலையத்தின் சுமை உச்சத்தில் இருக்கும். காற்று அடிக்கும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் எடுத்து அசைக்காமல் அரை மணி நேரம் வைத்தால், பழுப்பு நிறச் சேறு திரண்டு கீழே படிந்து மேலே தெளிந்த நீர் நிற்க வேண்டும். குடுவையில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை சேறு நின்றால் பொதுவாக நல்ல அறிகுறி. சேறு கறுத்து, அழுகிய முட்டை வாடை அடித்தால் தொட்டிக்குக் காற்றுப் போதவில்லை. மின்கட்டணத்தை மிச்சப்படுத்த இரவில் ப்ளோயரை நிறுத்தும் பழக்கம் பல குடியிருப்புகளில் உண்டு. அப்படியானால் அது ஒப்பந்ததாரரின் குற்றமா பராமரிப்பவரின் குற்றமா என்பதை அங்கிருக்கும் பதிவேட்டையும் ப்ளோயர் ஓடிய மணிக்கணக்கையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆய்வக அறிக்கைகளையும் வரிசையாக வைத்துப் பார்க்கலாம். பன்னிரண்டு மாதமும் ஒரே எண் அச்சுப்போல் வந்திருந்தால், தண்ணீர் உண்மையில் ஆய்வகத்துக்குப் போனதா என்று கேட்க வேண்டியிருக்கும். கோடையிலும் மழையிலும் கழிவு ஒரேமாதிரி இருப்பதில்லை.

இவ்வளவையும் கடைப்பிடித்தால் புதியவர் எப்போதுதான் உள்ளே வருவது என்ற கேள்வி நியாயமானது. எல்லோருக்கும் முதல் வேலை என்று ஒன்று இருந்தே தீரும். 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு பொது நிதி விதிகளில், தரத்திலும் தொழில்நுட்பத் தேவையிலும் குறையாதவரை ஸ்டார்ட்-அப் நிறுவனங்களுக்கு முன் அனுபவ நிபந்தனையைத் தளர்த்த இடம் இருக்கிறது. புதியவர் செய்ய வேண்டியது, 500 என்ற எண்ணின் பின்னால் ஒளிந்துகொள்ளாமல் நிலைமையை நேராகச் சொல்வது: நிறுவனத்துக்கு இது முதல் வேலை, ஆனால் எங்கள் பொறியாளர் முன்பு வேலை பார்த்த இடத்தில் இன்ன அளவில் இரண்டு நிலையங்களைச் சீரமைத்தார், அவற்றில் அவர் செய்த பங்கு இது. ஆளின் அனுபவத்தை நிறுவனத்தின் அனுபவமாகக் காட்டாமல் ஆளின் பெயரிலேயே காட்டுவது நேர்மை. அந்த ஆள் வேலை முடியும்வரை மாறக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது வாங்குபவரின் பாதுகாப்பு. சீபோர்ன் விஷயத்தில் குறைபட்டது இந்த இடம்தான். நடத்துபவர்களுக்கு அனுபவம் உண்டு என்பதையும், கப்பல் இன்னொருவர் வழியாக வரும் என்பதையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். அந்த இன்னொருவர் கையெடுத்துக்கொண்டதும் மிச்சம் எதுவும் இல்லை.

லண்டன் அரசு ஒரு விஷயத்தை மட்டும் சரியாகச் செய்திருந்தது: சேவை ஓடாமல் பணம் இல்லை என்ற நிபந்தனை. குடியிருப்புச் சங்கமும் அதைக் கையாளலாம். இயந்திரம் வந்ததும் எழுபது, பொருத்தியதும் முப்பது என்று பணம் முழுவதையும் முன்னதாகவே கொடுத்துவிடாமல், பதினைந்து சதவீதத்தையாவது நிறுத்திவைத்து, முழுச் சுமையில் மூன்று மாதம் ஓடி, மூன்று அறிக்கைகளும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அந்தக் கட்டடத்துக்குக் கொடுத்த அனுமதி ஆணையில் உள்ள அளவுக்குள் வந்த பிறகு விடுவிப்பது. தண்ணீர் மாதிரியைச் சங்கமே எடுத்து, சங்கமே தேர்ந்தெடுத்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் அதே பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். இந்த நிபந்தனையை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டால், 500 பணிகள் முடித்ததாகச் சொன்னவர்களில் யார் அடுத்த சந்திப்புக்கு வருகிறார் என்பது அந்த வாரத்திலேயே தெரிந்துவிடும்.